தில்லைக் கோவிந்தராஜரும் குலோத்துங்க சோழனும்: நடந்தது என்ன?

கேள்வி: "சிதம்பரம் கோயில்ல இருந்த பெருமாளை ஒரு சோழ ராஜா கடல்ல தூக்கிப் போட்டான்னு சினிமாவுல காட்டினாங்க. அது நிஜமா நடந்ததா, இல்ல கட்டுக்கதையா? சோழர்கள் வைணவர்களைத் துன்புறுத்தினாங்களா? ராமானுஜர் கர்நாடகாவுக்கு ஓடினதும் இதே ராஜாவுக்குப் பயந்துதானா?"

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவிந்தராஜரை அகற்றியது நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். செய்தவன் இரண்டாம் குலோத்துங்கன், ஆண்ட காலம் 1133 முதல் 1150 வரை. ராமானுஜரை விரட்டிய 'கிருமிகண்ட சோழன்' கதையை அவன் தலையில் கட்ட முடியாது, காலக்கணக்கு உதைக்கும். சோழர்கள் பொதுவாக வைணவத்தை ஒடுக்கினார்களா என்றால், அப்படிச் சொல்லச் சான்று போதாது. மூன்றும் தனித்தனிக் கேள்விகள். சினிமாவிலும் மேடைப் பேச்சிலும் மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் சிலை விஷயம். இதை நம்புவதற்குக் காரணம், செய்த தரப்பும் பாதிக்கப்பட்ட தரப்பும் ஒரே விஷயத்தைச் சொல்வதுதான். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களின் அவையில் இருந்தவர்: விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் ராஜராஜன். குலோத்துங்க சோழன் உலா, ராஜராஜ சோழன் உலா, தக்கயாகப்பரணி என்ற தம்முடைய மூன்று நூல்களிலும் இந்த நிகழ்ச்சியைத் தொட்டுப் போகிறார். தில்லை மன்றின் முற்றத்தில் இருந்ததைச் 'சிறுதெய்வம்' என்கிறார், அதன் 'குறும்பை' அரசன் தொலைத்தான் என்கிறார். பரணியில் கிண்டல் இன்னும் கூர்மை. முற்றத்தில் கிடந்தவன் தன் பழைய கடலுக்கே போய்ச் சேர, அதன்பின் தில்லை மன்றுக்கு இடம் கண்டவன் நம் அரசன் என்று வாழ்த்து வருகிறது. பாற்கடலில் பள்ளி கொண்டவர்தானே, கடலுக்கே அனுப்பிவிட்டோம் என்பது இதன் தொனி.

எதிர்ப்பக்கம் வைணவ ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரை நூல்களும், ஸ்ரீரங்கத்தின் கோயில் வரலாறான கோயிலொழுகும். அவற்றிலும் சோழ அரசன் ஒருவன் திருச்சித்திரகூடம் என்ற தில்லைப் பெருமாள் சன்னிதியைக் குலைத்துப் பெருமாளை அகற்றினான் என்று வருகிறது, ஆனால் வேதனையோடு. உற்சவ மூர்த்தியை அன்பர்கள் காப்பாற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோக, அங்கே மலையடிவாரத்தில் ராமானுஜர் கோவிந்தராஜரைப் பிரதிஷ்டை செய்தார் என்பது அவர்கள் மரபு. இன்று கீழ்த்திருப்பதியில் ரயிலை விட்டு இறங்கியதும் கோபுரம் தெரிகிறதே, அந்தக் கோயில்தான்.

அரசனைப் புகழ வந்த புலவர் நடக்காத ஒன்றைச் சாதனையாக்கிப் பாடலாம். உலா, பரணி என்றாலே மிகைதான். பாதிக்கப்பட்டவர்களும் தங்கள் துயரத்தைப் பெரிதாக்கிச் சொல்லலாம். ஆனால் ஒருவர் பெருமையாகவும் மற்றவர் அழுதும் சொல்கிற விஷயம் ஒன்றாகவே இருந்தால், அதன் அடியில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். அதிலும் ஒட்டக்கூத்தர் அந்த அரசனின் அவையிலேயே இருந்தவர். அவர் பாட்டைக் கேட்டவர்களில் தில்லைக்குப் போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் முழுப் பொய்யைப் பாடுவது கடினம்.

சரி, ஏன் அப்படிச் செய்தான்? அதற்கு முன் தில்லை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

சிதம்பரத்தில் இன்றும் ஓர் இடத்தில் நின்றால் நடராஜரையும் பார்க்கலாம், முகத்தைத் திருப்பிக் கிடந்த கோலத்தில் இருக்கும் கோவிந்தராஜரையும் பார்க்கலாம். நடராஜர் தெற்கு நோக்கி, பெருமாள் கிழக்கு நோக்கி. இந்த நெருக்கம் பழையது. திருமங்கையாழ்வார் தில்லைத் திருச்சித்திரகூடத்தைப் பாடும்போது பல்லவர் கோன் பொன்னும் முத்தும் மணியும் கொண்டுவந்து பணிந்த இடம் என்கிறார். அந்தப் பல்லவனை எட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் நந்திவர்மன் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்வது. அதே பதிகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூவாயிரம் நான்மறையாளர் நாள்தோறும் முறைப்படி இந்தப் பெருமாளை வணங்கினார்களாம். தில்லை மூவாயிரவர் என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் நடராஜரின் தீட்சிதர்கள். ஆழ்வார் காலத்தில் இரண்டு சன்னிதிகளுக்கும் நடுவே இன்று இருப்பது போன்ற பிளவு இருந்ததாகத் தெரியவில்லை. குலசேகராழ்வாரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். ராம கதை முழுவதையும் ஒரே பதிகத்தில் அடக்கித் தில்லைப் பெருமாளுக்கு ஏற்றிச் சொல்கிறார்.

ஆழ்வார் பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். சைவப் பக்கத்திலேயே இதைவிட நல்ல சான்று இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 86ஆம் பாட்டு. சிவனின் அடியைத் தேடி மண்ணைப் பிளந்து போன திருமால் காண முடியாமல் இரங்குகிறார். பிறகு இறைவன் ஓர் அடியைக் காட்ட, இன்னோர் அடியையும் காட்டு என்று கேட்டபடி அங்கேயே கிடக்கிறார். 'வரங்கிடந்தான் தில்லை யம்பல முன்றில்அம் மாயவனே' என்று பாட்டு முடிகிறது. நினைத்தது கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சன்னிதி முன் படுத்துக்கிடப்பதுதான் வரங்கிடத்தல். ஆக, அம்பலத்தின் முற்றத்தில் திருமால் பள்ளிகொண்டிருந்தார் என்பது மாணிக்கவாசகருக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கிடப்பைப் பக்தனின் கிடப்பாக மாற்றிப் பொருள் சொல்கிறார், அவ்வளவுதான்.

அன்றைய போட்டி நடந்த விதமும் இதுதான். ஒருவர் சாமியை இன்னொருவர் இல்லை என்று சொல்லவில்லை. உன் சாமி என் சாமிக்குத் தொண்டன் என்றார்கள். சைவர்களுக்கு அடிமுடி தேடிய கதை, வைணவர்களுக்குச் சிவனின் கையில் ஒட்டிய கபாலம் பெருமாள் தயவில் கழன்ற கதை. பாட்டளவில் இருந்தவரை யாருக்கும் சேதமில்லை. மூன்று நூற்றாண்டுக்கு அப்புறம் அதே முற்றத்தை ஒட்டக்கூத்தர் பாடும்போது தொண்டன் 'குறும்பு' செய்பவன் ஆகிவிட்டான். இடையில் மாறியது தில்லையின் அரசியல் எடை.

சோழர்களுக்குத் தில்லை மற்றக் கோயில்களைப் போல ஒன்று இல்லை, அது குடும்பக் கோயில். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். இரண்டாம் குலோத்துங்கனின் அப்பா விக்கிரம சோழன் 1128இல் தன் பத்தாம் ஆட்சியாண்டில் மறுபடி பெரிய அளவில் பொன் பணி செய்தான். குலோத்துங்கன் காலத்தில் இந்த உறவு உச்சத்துக்குப் போனது. திருவாரூர்க் கல்வெட்டு ஒன்று அவனைத் தில்லைக் கூத்தனின் பாதத் தாமரையில் மொய்க்கும் வண்டு என்று வர்ணிக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதும் இவன் ஆட்சியில்தான். நூலில் வரும் 'அநபாயன்' இவனே. அதில் கூற்றுவ நாயனார் கதையைப் படித்துப் பாருங்கள். பல நாடுகளை வென்ற ஒரு சிற்றரசர் தில்லை வாழ் அந்தணர்களிடம் வந்து எனக்கு முடி சூட்டுங்கள் என்று கேட்கிறார். சோழர் குலத்தாரைத் தவிர வேறு யாருக்கும் சூட்ட மாட்டோம் என்று மறுத்து, அவர்கள் சேர நாட்டுக்கே கிளம்பிப் போய்விடுகிறார்கள். கடைசியில் நடராஜர் தம் அடியையே முடியாக அவர் தலையில் வைக்கிறார். நாயனார் பழைய காலத்தவராக இருக்கலாம், ஆனால் சோழ முடிக்கும் தில்லைக்கும் உள்ள பந்தத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இந்த நிலையில் அவன் கோயிலை விரிவாக்குகிறான். மண்டபம், சுற்று, பொன்வேலை என்று ஒட்டக்கூத்தர் அடுக்குகிறார். நட்ட நடு முற்றத்தில், அம்பலத்துக்குச் சில அடி தூரத்தில், தனிப் பூசையும் தனி நிலமும் உள்ள இன்னொரு சன்னிதி நிற்கிறது. கட்டுமானத்துக்கு இடம் வேண்டும், கூடவே அரச குலத்தின் கோயிலில் ஒரே ஒரு தெய்வம்தான் மையம் என்று காட்டவும் வேண்டும். 'மன்றுக்கு இடம் கண்டவன்' என்று பரணி சொல்வதை நான் வெறும் அலங்காரமாக எடுக்கவில்லை, நேரடியாகவே எடுக்கிறேன். பணிக்கு இடைஞ்சல் என்று ஆரம்பித்த பேச்சுக்கு வைணவர்கள் எதிர்ப்புக் காட்டியிருப்பார்கள், அந்த எதிர்ப்புக்குத்தான் 'குறும்பு' என்ற பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் அரசனிடம் மதவெறி இல்லையா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். இடம் மட்டும் தேவையாக இருந்திருந்தால் சன்னிதியை மரியாதையாக வேறு பிராகாரத்துக்கு மாற்றியிருக்கலாம். கடலில் போட்டான் என்று அவன் அவைப்புலவரே பெருமை பேசும்போது நாம் அவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

இனி ராமானுஜர். குருபரம்பரை சொல்வது இது: சோழ அரசன் 'சிவாத் பரதரம் நாஸ்தி', அதாவது சிவனுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று ஓலையில் எழுதி எல்லோரையும் கையெழுத்திடச் சொல்கிறான். ராமானுஜருக்குப் பதிலாகக் கூரத்தாழ்வான் காவி உடுத்தி அவைக்குப் போகிறார், கூடவே வயதான பெரிய நம்பி. ஓலையில் கூரத்தாழ்வான் 'த்ரோணம் அஸ்தி தத: பரம்' என்று எழுதுகிறார். சிவம், துரோணம் இரண்டும் வடமொழியில் அளவைப் பெயர்களும்கூட. சிவத்தைவிடத் துரோணம் பெரிது என்று அவனை மடக்குகிறார். கோபத்தில் அரசன் இருவர் கண்களையும் பறிக்கிறான். பெரிய நம்பி வழியிலேயே உயிர் விடுகிறார். ராமானுஜர் வெள்ளை உடையில் மேற்கே தப்பிப் போய், போசள அரசன் விஷ்ணுவர்தனனின் ஆதரவில் மேல்கோட்டைத் திருநாராயணனை நிலைநிறுத்துகிறார். பிறகு சோழனுக்குக் கழுத்தில் புழு வைத்துச் செத்தான், அதனால் கிருமிகண்டன், அந்தச் செய்தி கேட்டு ராமானுஜர் ஸ்ரீரங்கம் திரும்பினார்.

இதில் அரசன் பெயர் இல்லை, பட்டப்பெயர்தான் இருக்கிறது. யாரென்று கண்டுபிடிக்கக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரபுப்படி ராமானுஜர் வாழ்ந்தது 1017 முதல் 1137 வரை. இரண்டாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1133, செத்தது 1150 வாக்கில். அவன்தான் கிருமிகண்டன் என்றால், 116 வயதுக்கு மேல் ராமானுஜர் தப்பி ஓடி, பல வருஷம் கர்நாடகத்தில் இருந்து, தாம் மறைந்த பிறகு இறந்த அரசனின் மரணச் செய்தி கேட்டுத் திரும்பியிருக்க வேண்டும். நடக்காது.

முதலாம் குலோத்துங்கன் என்றால்? அவன் ஆண்டது 1070 முதல் 1122 வரை, காலம் ஓரளவு பொருந்தும். ஆனால் மேல்கோட்டைப் பிரதிஷ்டையை மரபு 1099–1100 வாக்கில் வைக்கிறது, விஷ்ணுவர்தனன் பட்டத்துக்கு வந்ததோ 1108 வாக்கில். அதைச் சற்றுத் தள்ளிவைத்துச் சரிக்கட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய சிக்கல் இந்த அரசனின் செய்கைதான். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயிலின் பழைய பெயரே குலோத்துங்க சோழ விண்ணகரம். ராமானுஜரின் ஊரான ஸ்ரீரங்கத்திலேயே இவன் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகள் ஏராளம். 1088இல் இவனுடைய 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, திருவிழா இரவில் குலசேகராழ்வாரின் 'தேட்டருந்திறல்' பதிகத்தைப் பாட ஏற்பாடு செய்கிறது. நாகப்பட்டினத்து பௌத்த விகாரத்துக்கும் இவன் காலத்துச் செப்பேடு உண்டு. வைணவர்களின் கண்ணைப் பிடுங்கிய அரசனின் ஆட்சியில் ஆழ்வார் பாசுரத்துக்கு இப்படி நிவந்தம் தொடர்ந்து ஓடுவது பொருந்தி வரவில்லை.

அதனால் என் முடிவு: ராமானுஜர் சோழ நாட்டை விட்டு நீங்கி மேற்கே போனது உண்மை. அங்கே போசளர் ஆதரவு கிடைத்ததும் உண்மை. உள்ளூரில் ஏதோ ஓர் அதிகாரியோடோ அவையோடோ கடுமையான மோதல் இருந்திருக்கலாம். பிற்காலத்தில் கதையை எழுதி வைத்தவர்கள், தில்லையில் பெருமாளை அகற்றிய அரசனின் நினைவையும் பழைய துன்பத்தையும் ஒரே வில்லன் மேல் ஏற்றிவிட்டார்கள். கிருமிகண்ட சோழன் இரண்டு மூன்று பேரின் கலவை. ஒரு தரப்பு மட்டுமே சொல்லும் கதை இது. எதிர்த்தரப்பில் யாரும் இப்படி ஒன்றைச் செய்தோம் என்று பாடி வைக்கவில்லை. தில்லை நிகழ்ச்சிக்கும் இதற்கும் சான்றில் உள்ள வித்தியாசம் இதுதான்.

போசளர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சமண அரசன் பிட்டிதேவன் ராமானுஜரால் வைணவனாகி விஷ்ணுவர்தனன் ஆனான் என்று கதை. ஆனால் 1116இல் அவன் தலைக்காட்டைப் பிடித்தது யாரிடமிருந்து? சோழர்களிடமிருந்து. மறு வருஷம், 1117இல், பேலூரில் விஜயநாராயணருக்குக் கோயில் எழுப்பினான். பெயரிலேயே விஜயம் இருக்கிறது. சைவத்தைக் குலமதமாக அணைத்துக்கொண்ட சோழர்களை வென்றவன், அவர்கள் நாட்டிலிருந்து வந்த வைணவ ஆசாரியரை ஆதரித்ததில் பக்தியோடு கணக்கும் இருந்தது. அதே ஆட்சியில் ஹளேபீட்டில் சிவனுக்கு மிகப் பெரிய ஹொய்சளேசுவரர் கோயிலும் எழுந்தது. ராணி சாந்தலை சமணத்தை விடவில்லை. அரசர்கள் ஒரு சமயத்தை முன்னால் நிறுத்துவார்களே தவிர, மற்றவற்றின் வாசலை அடைக்க மாட்டார்கள். ராஜராஜ சோழன் தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டான். அவன் அக்கா குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுத்தாள்.

அப்படியானால் சண்டை எங்கேதான் இருந்தது? பெரும்பாலும் அரண்மனைக்கு வெளியே, ஊரில். நிலமும் தண்ணீரும் கோயில் சொத்தைக் கையாளும் உரிமையும்தான் பொருள். இரண்டாம் ராஜராஜன் காலத்துத் திருக்கடையூர்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, சுமார் 1160ஐச் சேர்ந்தது. சிவன் கோயில் காரியம் பார்க்கும் மாகேசுவரர்கள் தங்கள் நெறிக்கு மாறாக வைணவர்களோடு தாராளமாகக் கலந்து பழகினால் அவர்கள் சொத்து பறிபோகும் என்று ஊர்ச்சபை முடிவெடுக்கிறது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கெடுபிடி ஏறிக்கொண்டிருந்தது என்பது ஒன்று. தடை போட வேண்டிய அளவுக்கு அவர்கள் சகஜமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சுவாரசியம்.

இதைவிடத் தெளிவான வழக்கு திருமயம். ஒரே குன்றைக் குடைந்து அருகருகே சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும். ஒரே ஊர் வருவாய், பங்குத் தகராறு, நீண்ட காலப் பகை. 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் பஞ்சாயத்து நடந்து தீர்ப்பாகிறது: வருவாயைப் பிரித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கோயிலுக்கும் நடுவே மதில் எழுப்ப வேண்டும். தீர்ப்பைப் பாறையில் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஏற்கெனவே இருந்தது பல்லவர் காலத்து எழுத்தமைப்பில் பொறித்த பழைய இசைக் கல்வெட்டு. அதைச் செதுக்கிவிட்டுத்தான் இதை எழுதினார்கள். இன்றும் போனால் குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் உறவான அந்த எழுத்துகள் சில மட்டும் மிஞ்சி நிற்பதைப் பார்க்கலாம். சைவ வைணவச் சண்டையில் நிரந்தரமாக நாசமானது இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத சங்கீதக் குறிப்பு. இதில் கவனியுங்கள், அரசதிகாரம் இங்கே நடுவராக வருகிறது. இடைக்காலத்தில் அரசர்களும் தளபதிகளும் அதிகமாகச் செய்த வேலை இதுதான். குலோத்துங்கன் தில்லையில் செய்தது விதிவிலக்கு.

தில்லைக்குத் திரும்புவோம், அங்கே கதை முடியவில்லை. பெருமாளை அகற்றி நான்கு நூற்றாண்டுக்குப் பக்கம் ஆனபோது ஆட்சி விஜயநகரத்தின் கையில். அந்தப் பேரரசர்கள் ஆவணங்களில் 'ஸ்ரீ விரூபாட்ச' என்று கையொப்பம் இட்டவர்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் சாய்வு திருப்பதி பக்கம். கிருஷ்ணதேவராயர் சிதம்பரத்தில் வடக்குக் கோபுரம் கட்டினார், அதாவது நடராஜருக்கும் குறை வைக்கவில்லை. அவர் தம்பி அச்சுதராயர் காஞ்சிபுரத்தில் வரதராஜருக்கும் ஏகாம்பரநாதருக்கும் சமமாகக் கிராமங்கள் கொடுக்கச் சொன்னார். பொறுப்பில் இருந்த சாளுவ நாயக்கன் ஒரு கோயிலுக்குக் கூட்டி, இன்னொன்றுக்குக் குறைத்துவிட்டான். ராயர் அதைக் கண்டுபிடித்து மறுபடி சமமாக்கிக் கல்வெட்டில் ஏற்றினார். இவ்வளவு நிதானமான அதே அச்சுதராயர்தான் 1539இல் தில்லையில் கோவிந்தராஜரை வைகானசம் என்ற வைணவப் பூசை முறைப்படி மீண்டும் பிரதிஷ்டை செய்ய உத்தரவிட்டு நிவந்தமும் அளித்தார். அகற்றியதும் அரசாணை, வைத்ததும் அரசாணை.

வைணவ மரபு இந்தப் பெருமையைச் சோளிங்கபுரத்து தொட்டாசாரியருக்கும் ராமராயருக்கும் கொடுக்கிறது. அப்பைய தீட்சிதரோடு வாதப்போர் நடந்தது என்றும் அந்தக் கதையில் சேர்த்துச் சொல்வார்கள். 1539 கல்வெட்டு கையில் இருக்கும்போது அந்த விவரங்களை நான் ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன்.

ரத்தம் சிந்தியது இதற்குப் பிறகு. 1597இல் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் கோவிந்தராஜர் சன்னிதியைப் பெரிதாகப் புதுப்பிக்க இறங்கினார். அந்தச் சமயம் அந்தப் பக்கமாகப் போன பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். பெருமாளின் அடையாளத்தைச் சிதம்பரம் கோயிலில் நாட்டலாமா கூடாதா என்பதுதான் வழக்கு என்கிறார். நடராஜர் கோயில் அர்ச்சகர்கள் முடியாது என்றார்கள், நாயக்கர் விடவில்லை. வேலையை நிறுத்தாவிட்டால் கோபுரத்திலிருந்து குதிப்போம் என்றார்கள். நிறுத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஏறிக் குதித்து 20 பேர் இறந்தார்கள். நாயக்கர் மற்றவர்களைச் சுடச் சொன்னார். இரண்டு பேர் குண்டு பட்டுச் செத்தார்கள், மீதிப் பேர் கலைந்தார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். சொல்பவர் இரு தரப்புக்கும் வெளியே உள்ளவர். இரண்டு மதமும் அவருக்குப் பிடிக்காது, அதனால் ஏளனத்தோடு எழுதுகிறார். ஆனால் சைவருக்கோ வைணவருக்கோ சாதகமாக மாற்றிச் சொல்ல அவருக்குக் காரணமில்லை.

அடிக்கடி ஒரு வாதம் காதில் விழும்: சைவ அரசர்கள் துன்புறுத்துபவர்கள், வைணவ அரசர்கள் சாதுக்கள் என்று. இன்னொரு கூட்டம் அதையே திருப்பிப் போட்டுச் சொல்லும். தில்லை முற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சைவச் சோழன் பெருமாளை அப்புறப்படுத்தினான், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைணவ நாயக்கர் அதே பெருமாளுக்காகத் தீட்சிதர்களைச் சுட்டார். கையில் அதிகாரம் இருந்தவரின் இஷ்டதெய்வம் எதுவோ, அதற்கு அந்தச் சில அடி நிலத்தில் இடம் விரிந்தது. தீட்சிதர்கள் கோபுரம் ஏறியதற்கும் பக்தி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தனிப் பூசை முறை, தனி அர்ச்சகர், தனி மானியம் என்று இன்னொரு நிர்வாகம் தங்கள் கோயிலுக்குள்ளே வேர்விடுவதைப் பரம்பரை உரிமை உள்ள எவரும் எதிர்ப்பார்கள். 1539 உத்தரவில் வைகானச முறை என்று குறிப்பிட்டிருப்பதன் பொருளும் அதுதான்: தீட்சிதர்கள் கை வைக்க முடியாத பூசை. ஆழ்வார் பாடிய மூவாயிரவரின் பொதுப் பெருமாள் அந்த நாளோடு போய்விட்டார்.

நாயக்கர்கள் போனபின் அரசனின் இடத்துக்கு நீதிமன்றம் வந்தது. கோவிந்தராஜருக்குப் பிரம்மோற்சவம் நடத்தலாமா, கூடாதா என்ற வழக்கு இந்தப் பத்தாண்டிலும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. எந்த ஆண்டில் என்ன வழக்கம் இருந்தது, யார் எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்றுதான் அங்கே வாதம் ஓடுகிறது. சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று யாரும் கேட்பதில்லை.